பாதி அடியில் நிற்குமா இந்த பிரஸ்?

கோவையில் பம்பு மோட்டாருக்கு ஸ்டாம்பிங் அடிக்கும் சிறு பட்டறை ஒன்று இரண்டாவது பிரஸ் வாங்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புது இயந்திரத்துக்குக் கடன் கிடைக்கவில்லை, ஆர்டர் காத்திருக்கிறது. பழைய இயந்திர வியாபாரியின் யார்டில் இரண்டு பிரஸ்கள் நிற்கின்றன. ஒன்று உள்நாட்டில் செய்த 50 டன் பவர் பிரஸ், புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மற்றொன்று ஜப்பானிலிருந்து கன்டெய்னரில் வந்த 60 டன் பிரஸ். வாங்கப் போகிறவர் வழக்கமாக மோட்டாரை ஓடவிட்டுச் சத்தம் கேட்பார், கைடில் ஆட்டம் எவ்வளவு என்று பார்ப்பார், பெட்டில் விரிசல் தேடுவார். இவை எல்லாம் தேவையான சோதனைகள்தான். ஆனால் அந்த பிரஸ்ஸில் நாளைக்கு எட்டு மணி நேரம் உட்காரப் போகிறவருடைய விரல்களைத் தீர்மானிக்கிற கேள்வி இவற்றில் இல்லை. ராம் கீழே இறங்கத் தொடங்கிய பிறகு, பாதி வழியில் இந்த இயந்திரத்தை நிறுத்த முடியுமா?

இந்தியாவில் வாகன உதிரிபாகத் தொழிலில் அடிபட்ட தொழிலாளர்களைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' அறக்கட்டளை வெளியிடும் அறிக்கைகளில், கை நசுங்கிய விபத்துகளுக்குக் காரணமான இயந்திரங்களில் முதலிடத்தில் நிற்பது பவர் பிரஸ். ஆகவே பழைய இயந்திரம் வாங்கும்போது கார்டு, மேனுவல், தர முத்திரை ஆகியவற்றை எப்படிப் பார்ப்பது என்பதை இந்த ஓர் இயந்திரத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கிளட்ச். பிரஸ்ஸின் ஃபிளைவீல் எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும். கிளட்ச் பிடிக்கும்போது அந்தச் சுழற்சி கிராங்க் ஷாஃப்டுக்குப் போய் ராமை இறக்குகிறது. உள்நாட்டுச் சிறு பிரஸ்களில் பெரும்பாலும் இருப்பது கீ கிளட்ச். பெடலை மிதித்தால் ஷாஃப்டில் உள்ள கீ திரும்பி ஃபிளைவீலின் பள்ளத்தில் விழும். விழுந்துவிட்டால் கிராங்க் ஒரு முழுச் சுற்று முடித்து மேலே வந்த பிறகுதான் கீ விடுபடும். நடுவில் பெடலை விட்டாலும், சுவிட்சை அணைத்தாலும், மின்சாரமே போனாலும் ராம் இறங்கியே தீரும். ஏனென்றால் அடிக்கும் ஆற்றல் ஃபிளைவீலில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. மற்ற வகை, காற்றழுத்தத்தில் பிடிக்கும் ஃபிரிக்‌ஷன் கிளட்ச். இதில் காற்று உள்ளே போனால் கிளட்ச் பிடிக்கும். காற்றை வெளியே விட்டால் ஸ்பிரிங் பிரேக்கை இறுக்கி, ராமை எந்த இடத்திலும் நிறுத்தும்.

யார்டில் இதைக் கண்டுபிடிக்க இயந்திரத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. ஷாஃப்டின் முனையில் சுழலும் ஜாயின்ட் வழியாகக் காற்றுக் குழாய் போகிறதா என்று பாருங்கள். போனால் அநேகமாக ஃபிரிக்‌ஷன் கிளட்ச். பெடலிலிருந்து ஓர் இரும்புக் கம்பி மேலே போய் ஃபிளைவீல் பக்கத்தில் ஒரு கொக்கியை இழுக்கிறது என்றால் அது கீ கிளட்ச். டை செட் செய்யும்போது ராமைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும் இன்ச்சிங் வசதி உண்டா என்று கேட்டாலும் தெரிந்துவிடும். கீ கிளட்ச்சில் அது கிடையாது, ஃபிளைவீலைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

பச்சை பெயின்ட் அடித்த பிரஸ் கீ கிளட்ச். அதன் முன்னால் இரு பக்கமும் லைட் கர்ட்டன் பொருத்தி, 'சென்சார் பிரஸ்' என்று கூடுதல் விலை சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் வாங்குபவர் ஏமாறுகிறார். கர்ட்டனின் கதிரைக் கை மறைத்தால் அது ஒரு சிக்னல் கொடுக்கும், அவ்வளவுதான். அந்த சிக்னலை வாங்கி ராமை நிறுத்த ஒரு பிரேக் வேண்டும். கீ கிளட்ச்சில் அப்படி நிறுத்த வழியே இல்லை. கை உள்ளே இருக்கும்போது அடுத்த அடி தொடங்காமல் அந்த கர்ட்டன் தடுக்கலாம், ஏற்கெனவே இறங்கத் தொடங்கிய அடியைத் தடுக்காது. ஆபரேட்டரோ, முன்னால் எரியும் பச்சை விளக்கை நம்பிக் கையைத் தாராளமாக உள்ளே விடுவார். கர்ட்டன் இல்லாத பிரஸ்ஸைவிட இது ஆபத்தானது என்பது என் கருத்து.

இரண்டு கையாலும் பட்டன் அழுத்தும் ஏற்பாடும் இதே கதைதான். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு விதிகளில் முழுச் சுற்று கிளட்ச்சுக்கென்று ஒரு கணக்கு உண்டு. அதை நம் பிரஸ்ஸுக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 50 அடி என்றால் ஒரு சுற்றுக்கு 1.2 நொடி. ஃபிளைவீலில் கீ விழும் பள்ளம் ஒன்றே ஒன்று என்றால், பட்டனை அழுத்திய பிறகு அந்தப் பள்ளம் சுற்றி வந்து சேரவே அதிகபட்சம் ஒரு முழுச் சுற்று ஆகலாம். பிறகு ராம் கீழே வர அரைச் சுற்று. ஆக ஒன்றரைச் சுற்று, அதாவது 1.8 நொடி. பட்டனிலிருந்து கை எடுத்த மனிதர் அந்த நேரத்தில் நொடிக்கு 1,600 மில்லிமீட்டர் வேகத்தில் கையை நீட்டினால் 2,880 மில்லிமீட்டர் தூரம் எட்டிவிடுவார். அப்படியானால் பட்டனை டையிலிருந்து ஏறக்குறைய மூன்று மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். எந்தப் பட்டறையிலும் அப்படி வைப்பதில்லை. ராமுக்குப் பக்கத்திலேயே, கைக்கு எட்டும் தூரத்தில் வைக்கிறார்கள்.

கீ கிளட்ச்சுக்கு இன்னொரு குறை உண்டு. கீயோ, அதைத் திருப்பும் ஸ்பிரிங்கோ, கொக்கியோ தேய்ந்துபோனால், ஒரு தடவை மிதித்ததற்கு இரண்டு அடி விழும். முதல் அடி முடிந்ததே என்று ஆபரேட்டர் அடித்த துண்டை எடுக்கக் கை நீட்டும் நேரத்தில் இரண்டாவது அடி வரும். ஆகவே இந்த வகை பிரஸ்ஸுக்குச் சரியான கார்டு ஒன்றுதான்: டையைச் சுற்றி நான்கு பக்கமும் மூடிய, போல்ட் போட்டு இறுக்கிய கூண்டு. தகடு உள்ளே போகவும், துண்டு வெளியே வரவும் மட்டும் இடுக்கு இருக்கலாம்.

அந்த இடுக்கு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 13857 என்ற சர்வதேசத் தரத்தில் அட்டவணை இருக்கிறது. மனித விரலையும் கையையும் அளந்து செய்தது. நீளவாக்கில் உள்ள இடுக்கின் உயரம் 6 மில்லிமீட்டருக்கு மேல் 8 வரை என்றால், அந்த இடுக்குக்கும் ஆபத்தான இடத்துக்கும் நடுவே 20 மில்லிமீட்டர் போதும். 8க்கு மேல் 10 வரை என்றால் 80. 12க்கு மேல் 20 வரை என்றால் 120. 20ஐத் தாண்டி 30 வரை போய்விட்டால் 850 மில்லிமீட்டர், ஏனென்றால் நீண்ட இடுக்கில் அந்த அளவுக்கு முழுக்கையும் நுழைந்துவிடும். 20க்கும் 30க்கும் நடுவே உள்ள அந்தத் தாவலை மனதில் வையுங்கள். துண்டு வெளியே வரச் சிரமமாக இருக்கிறது என்று கூண்டின் இடுக்கைக் கிரைண்டரால் கொஞ்சம் அகலப்படுத்துவது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கும் வேலை. 18 மில்லிமீட்டர் இடுக்கு 25 ஆனால் பார்வைக்குப் பெரிய மாற்றம் இல்லை. பாதுகாப்பில் அந்தக் கூண்டு கிட்டத்தட்ட இல்லாததற்குச் சமம். யார்டில் கூண்டோடு ஒரு பிரஸ் நின்றால் இடுக்கின் ஓரங்களைத் தடவிப் பாருங்கள். கிரைண்டர் தடம் கைக்குத் தெரியும்.

கூண்டே இல்லாவிட்டால் வியாபாரியிடமிருந்து ஒரு பதில் வரும். "கார்டெல்லாம் குடோன்ல கழட்டி வெச்சிருக்குதுங்க, லோடு ஏத்தறப்ப குடுத்துடறோமுங்க." அது உண்மையா என்று பிரஸ்ஸின் உடம்பே சொல்லும். கார்டு பொருத்தும் ஓட்டைகள் பிரேமில் இருக்க வேண்டும். அந்த ஓட்டைகளின் மரைக்குள் பெயின்ட் புகுந்து அடைத்திருந்தால் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே, ஒருவேளை பல ஆண்டுகளுக்கு முன்பே, கார்டு போய்விட்டது என்று பொருள். பிரேம் ஓரத்தில் வெல்டிங் வெட்டிய தடம் இருந்தால் பிராக்கெட்டையே அறுத்துத் தள்ளியிருக்கிறார்கள். ஃபிளைவீல் மூடி, கியர் மூடி, பெடல் மேல் இருக்க வேண்டிய கவசம் மூன்றையும் தனியாகக் கேளுங்கள். பெடல் கவசம் சிறிய பொருள்தான். ஆனால் கையிலிருந்து நழுவிய ஸ்பேனர் பெடல் மேல் விழுந்து அடி இறங்காமல் காப்பது அதுதான்.

இனி ஜப்பான் பிரஸ். ஃபிரிக்‌ஷன் கிளட்ச், லைட் கர்ட்டன், இரண்டு கைப் பட்டன், எல்லாம் இருக்கிறது. இதில் கர்ட்டனுக்கு அர்த்தம் உண்டு. ஆனால் கர்ட்டன் டையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கதிரை விரல் தொட்ட கணத்திலிருந்து ராம் முழுவதும் நிற்கும் வரை ஆகும் நேரத்தில் கை டையை எட்டிவிடக் கூடாது. ஐ.எஸ்.ஓ. 13855 தரத்தின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பு இந்தத் தூரத்துக்கு ஒரு சூத்திரம் தந்தது.

S = K × T + C

இதில் S என்பது கர்ட்டனுக்கும் டைக்கும் இடையே வேண்டிய குறைந்தபட்சத் தூரம். T என்பது நிற்க ஆகும் மொத்த நேரம். K கையின் வேகம். முதலில் நொடிக்கு 2,000 மில்லிமீட்டர் என்று போட வேண்டும். விடை 500 மில்லிமீட்டருக்கு மேல் வந்தால் 1,600 என்று போட்டுத் திரும்பக் கணக்கிடலாம், ஆனால் 500க்குக் கீழே இறங்கக் கூடாது. C என்பது கதிர்களுக்கு நடுவே விரல் எவ்வளவு நுழையும் என்பதற்கான கூட்டல். 14 மில்லிமீட்டர் தடிமனைக் கண்டுபிடிக்கும் நுண்மையான கர்ட்டனுக்கு அது பூஜ்யம். 30 மில்லிமீட்டர் கர்ட்டனுக்கு 128 கூட்ட வேண்டும்.

பிரஸ் புதிதாக இருந்தபோது சிக்னலிலிருந்து நிற்பது வரை மொத்தம் 200 மில்லிநொடி என்று கொள்வோம். 14 மில்லிமீட்டர் கர்ட்டன். 2,000 × 0.2 = 400 மில்லிமீட்டர். உற்பத்தியாளர் அதே தூரத்தில் கர்ட்டனைப் பொருத்தி அனுப்பினார். இருபது ஆண்டுகளில் பிரேக் லைனிங் தேய்ந்தது, ஸ்பிரிங் தளர்ந்தது, கிளட்ச்சிலிருந்து காற்று வெளியேறும் சைலன்சரில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து அடைத்தது. காற்று மெதுவாக வெளியேறினால் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும். இப்போது மொத்த நேரம் 350 மில்லிநொடி. 2,000 × 0.35 = 700. அது 500ஐத் தாண்டுவதால் 1,600 × 0.35 = 560 மில்லிமீட்டர். கர்ட்டன் இருப்பதோ பழைய 400இல். கர்ட்டன் வேலை செய்கிறது, விளக்கு எரிகிறது, கையை நுழைத்தால் ராம் நிற்கிறது. ஆனால் வேகமாக நீட்டிய கை டையைத் தொட்ட பிறகுதான் நிற்கும். கண்ணால் பார்த்து இந்தக் குறையைக் கண்டுபிடிக்கவே முடியாது. நேரத்தை அளந்தாக வேண்டும்.

நிற்கும் நேரத்தை அளக்கத் தனிக் கருவி இருக்கிறது. லைட் கர்ட்டன் விற்கும் நிறுவனங்களின் சர்வீஸ் ஆட்களும், பாதுகாப்புத் தணிக்கை செய்யும் பொறியாளர்களும் கொண்டுவந்து அளந்து தருவார்கள். வழக்கமாகப் போடும் டைகளில் கனமான மேல் டையைப் பொருத்தி, கிராங்க் 90 டிகிரியைக் கடக்கும் இடத்தில், அதாவது ராம் வேகமாக இறங்கும் இடத்தில், பல தடவை அளக்கச் சொல்லுங்கள். சராசரியை அல்ல, வந்ததில் பெரிய எண்ணைக் கணக்குக்கு எடுக்க வேண்டும். குளிர்ந்த பிரேக்கும் சூடான பிரேக்கும் ஒரே மாதிரி பிடிக்காது, ஆகவே ஒரு மணி நேரம் அடிக்க விட்டு அளப்பது நல்லது.

அந்தக் கருவி வருவதற்கு முன் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கிராங்க் ஷாஃப்ட் முனையிலும் அதற்கு நேரே பிரேமிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒற்றை அடியாகத் தொடர்ந்து அடிக்கச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் ராம் மேலே நிற்கும்போது இரண்டு கோடுகளும் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். ஒரே இடத்தில் நின்றால் பிரேக் சீராக இருக்கிறது. ஒரு தடவை முன்னே, ஒரு தடவை பின்னே என்று அலைந்தால், அல்லது அடிக்க அடிக்கத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தால் பிரேக்கிலோ வால்விலோ கோளாறு. நிமிடத்துக்கு 50 அடி என்றால் கிராங்க் நொடிக்கு 300 டிகிரி சுற்றுகிறது, ஆகவே 10 டிகிரி விலகல் என்பதே 30 மில்லிநொடிக்கு மேல்.

கர்ட்டனைச் சோதிக்கும்போது கையை ஒருபோதும் நுழைக்காதீர்கள். அதன் அளவுக்கேற்ற தடிமனுள்ள குச்சியை, 14 மில்லிமீட்டர் கர்ட்டன் என்றால் 14 மில்லிமீட்டர் குச்சியை, மேலிருந்து கீழ் வரை நடுவிலும் இரு ஓரங்களிலும் மெதுவாக நகர்த்துங்கள். எங்கேயாவது விளக்கு பச்சைக்கு மாறினால் அந்த இடத்தில் கதிர் செத்திருக்கிறது அல்லது யாரோ அதை மறைத்து விலக்கி வைத்திருக்கிறார்கள். ராம் இறங்கும்போதும் குச்சியை நுழைத்துப் பாருங்கள், நிற்க வேண்டும். இரண்டு கைப் பட்டனில் ஒன்றை டேப் போட்டு ஒட்டிவிட்டு மற்றதை அழுத்தினால் அடி விழக் கூடாது. இரண்டையும் அரை நொடி வித்தியாசத்துக்குள் அழுத்தினால் மட்டுமே விழ வேண்டும். பாதி அடியில் ஒரு கையை எடுத்தால் ராம் நிற்க வேண்டும். கடைசியாக, ஓடும்போது மெயினை அணைத்து மறுபடி போடுங்கள். இயந்திரம் தானாகக் கிளம்பினால் அதை அப்படியே வாங்கக் கூடாது. மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் இது பெரிய விஷயம்.

பேனலைத் திறப்பதைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அவர் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிய பிறகு பார்க்க வேண்டியவை இரண்டு. கார்டு கதவின் சுவிட்சுக்கோ கர்ட்டனுக்கோ உரிய டெர்மினல்களுக்கு நடுவே, மற்ற வயர்களின் நிறத்தோடு சேராத சிறிய வயர் துண்டு பாலம் போட்டிருக்கிறதா என்பது ஒன்று. கிளட்ச்சுக்குக் காற்று விடும் வால்வு எந்த வகை என்பது மற்றொன்று. நல்ல பிரஸ்ஸில் இரட்டை வால்வு இருக்கும். ஒரு வால்வு ஒட்டிக்கொண்டாலும் மற்றது காற்றை வெளியேற்றும், கோளாறை உணர்ந்து அடுத்த அடியைத் தடுக்கும். அது கெட்டுப்போனால் விலை அதிகம் என்று கடையில் கிடைக்கும் சாதாரண ஒற்றை வால்வைப் போட்டுவிடுகிறார்கள். அது ஒட்டிக்கொண்டால் கர்ட்டனும் பட்டனும் சொல்வதை கிளட்ச் கேட்காது.

இரட்டை வால்வு இருந்த இடத்தில்தான் ஒற்றை வால்வு வந்தது என்று எப்படித் தெரியும்? மேனுவல் இருந்தால் தெரியும். மேனுவல் என்றதும் எப்படி ஓட்டுவது என்று சொல்லும் புத்தகம் என்று நினைத்து, அது ஆபரேட்டருக்குத் தெரியுமே என்று விட்டுவிடுகிறோம். பழைய இயந்திரம் வாங்குபவருக்கு மேனுவல் என்பது அந்த இயந்திரம் பிறந்தபோது எப்படி இருந்தது என்பதற்கான ஆவணம். அதில் உள்ள படத்தில் எந்தெந்த கார்டு எங்கே இருந்தது என்று இருக்கும். நியூமேடிக் வரைபடத்தில் வால்வின் வகை இருக்கும். எலக்ட்ரிகல் சர்க்யூட்டில் கர்ட்டன் எங்கே இணைய வேண்டும் என்று இருக்கும். பிரேக் லைனிங் எந்த அளவு வரை தேயலாம், நிற்கும் நேரம் எவ்வளவு, காற்றழுத்தம் எவ்வளவு என்பவையும் அங்கேதான் கிடைக்கும். ஜப்பானிய மொழியில் இருந்தாலும் வரைபடமும் எண்களும் படிக்க முடிபவை. அந்தப் பக்கங்களை முதலில் புகைப்படம் எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று ஒப்பிடுங்கள்.

மேனுவலின் சீரியல் எண்ணும் நேம் பிளேட்டின் சீரியல் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்க்க மறக்க வேண்டாம். ஒரே மாடல் பெயரில் ஆண்டுக்கு ஆண்டு கண்ட்ரோல் மாறியிருக்கும். இன்டர்நெட்டில் இறக்கிய வேறொரு மாடலின் மேனுவலை பைண்டு செய்து கொடுப்பதும் உண்டு. நேம் பிளேட்டே இல்லை, அல்லது ரிவெட்டுக்குப் பதில் புது ஸ்குரூ போட்டிருக்கிறது என்றால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. உண்மையான மேனுவல் இல்லாவிட்டால் சீரியல் எண்ணைக் கொடுத்து உற்பத்தியாளரிடம் எழுதிக் கேட்கலாம். பதில் வரும் வரை முன்பணம் தராதிருப்பது நல்லது.

முத்திரைகளுக்கு வருவோம். வியாபாரி முதலில் காட்டுவது அவற்றைத்தான். அதிகம் பார்ப்பது ஐரோப்பாவின் சி.இ. முத்திரை. எந்த அரசு ஆய்வுக்கூடமும் சோதித்துக் கொடுக்கும் பட்டம் அல்ல அது. 'ஐரோப்பியச் சட்டத்தின் பாதுகாப்பு விதிகளுக்கு இந்த இயந்திரம் பொருந்துகிறது' என்று உற்பத்தியாளர் தம் பொறுப்பில் அறிவிப்பது. கையால் தகடு வைக்கும் பிரஸ் போன்ற அபாயமான சில வகைகளுக்கு மட்டும் கூடுதல் கடுமை உண்டு. அங்கே உரிய தரத்தை முழுதும் பின்பற்றாவிட்டால் வெளி அமைப்பு ஒன்று சோதிக்க வேண்டும். ஆகவே ஒட்டியிருக்கும் முத்திரையைவிட முக்கியம் அதன் பின்னால் உள்ள அறிவிப்புப் பத்திரம். அதில் உற்பத்தியாளரின் முகவரி, மாடல், சீரியல் எண், எந்தச் சட்டம், எந்தத் தரம், இடம், தேதி, கையெழுத்து எல்லாம் இருக்கும். மெக்கானிக்கல் பிரஸ் என்றால் இ.என். 692 என்றோ, பின்னால் வந்த இ.என். ஐ.எஸ்.ஓ. 16092 என்றோ தரத்தின் எண்ணைத் தேடுங்கள்.

ஆண்டு நல்ல துப்பு கொடுக்கும். இயந்திரங்களுக்கான ஐரோப்பியச் சட்டம் 1993 தொடக்கத்தில் அமலுக்கு வந்தது, 1995 ஜனவரி முதல் கட்டாயமானது. நேம் பிளேட்டில் 1988 என்றும் பக்கத்தில் சி.இ. என்றும் இருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். பின்னால் யாராவது முழுதும் மாற்றியமைத்துப் புதிதாக அறிவித்திருந்தால் அதற்குப் பத்திரம் இருக்கும். பத்திரம் இல்லையென்றால் அது வெறும் ஸ்டிக்கர். முத்திரையின் வடிவமும் வரையறுக்கப்பட்டது. உயரம் பொதுவாக 5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 'சி' எழுத்தை முழு வட்டமாக்கினால் அதன் வலது ஓரம் அடுத்த எழுத்தின் இடது ஓரத்தின் மேல் வந்து விழ வேண்டும். இரண்டு எழுத்தும் ஒட்டி நெருக்கமாக நின்றால் அது தவறான முத்திரை. வடிவம் சரியாக இருப்பதால் மட்டும் உண்மை என்று ஆகிவிடாது, தவறாக இருந்தால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

இன்னொன்று, எந்தப் பொருளின் மேல் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். மோட்டாரில் உள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரை மோட்டாரைப் பற்றியது. லைட் கர்ட்டனிலும் கான்டாக்டரிலும் உள்ள சி.இ. அந்தந்த உதிரிபாகத்தைப் பற்றியது. பிரஸ்ஸின் பிரேமில் பெரிதாக எழுதியிருக்கும் ஐ.எஸ்.ஓ. 9001, அதைச் செய்த நிறுவனத்தின் நிர்வாக முறைக்குக் கிடைத்தது. இவற்றில் ஒன்றுகூட அந்த பிரஸ் பாதுகாப்பானது என்று சொல்லவில்லை. இறக்குமதி இயந்திரத்தோடு சார்ட்டர்டு இன்ஜினியர் சான்று ஒன்றும் வரும். அது சுங்கத்துக்காக இயந்திரத்தின் வயது, நிலை, மதிப்பு, மீதி ஆயுள் ஆகியவற்றைச் சொல்வது. பிரேக் எவ்வளவு நேரத்தில் நிறுத்துகிறது என்பது அதில் இருக்காது.

நம் ஜப்பான் பிரஸ்ஸில் சி.இ. முத்திரை இல்லாததைக் குறையாகக் கருத வேண்டாம். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான இயந்திரத்துக்கு அது தேவையில்லை. அங்கே வேறொரு ஏற்பாடு உண்டு. பவர் பிரஸ்களை ஆண்டுதோறும் தகுதி பெற்ற ஆய்வாளர் சோதித்து, அதற்கு அடையாளமாக ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அந்த ஸ்டிக்கரைப் பிரேமில் தேடுங்கள். கடைசியாகச் சோதித்த ஆண்டு, இயந்திரம் அங்கே எதுவரை ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டது என்பதைக் காட்டும். கூடவே மின்சாரத்தையும் கவனியுங்கள். மேற்கு ஜப்பானில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அங்கே நிமிடத்துக்கு 60 அடித்த பிரஸ் இங்கே அதே மோட்டாரில் 50 அடிக்கும். அதைச் சரிக்கட்ட மோட்டார் புல்லியை மாற்றியோ இன்வெர்ட்டர் போட்டோ வேகம் கூட்டியிருந்தால், நிற்கும் நேரத்தை அந்த வேகத்தில் புதிதாக அளக்க வேண்டும்.

சட்டப் பொறுப்பு யாருக்கு என்பதும் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 21ஆம் பிரிவு, ஆபத்தான பாகங்களை உறுதியான கார்டால் மூடும் கடமையை ஆலையின் மேல் வைத்தது. 26ஆம் பிரிவு விற்பவருக்கும் தண்டனை சொன்னது, ஆனால் அது சுழலும் ஷாஃப்டில் துருத்தும் போல்ட், கீ, கியர் போன்றவற்றோடு நின்றது, டையின் வாயைத் தொடவில்லை. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. 'இருப்பது இருந்தபடியே' என்று பில்லில் எழுதி விற்ற வியாபாரியிடம் விபத்துக்குப் பிறகு போய் நிற்பதில் பெரிய பலன் இல்லை.

ஆகவே கேட்க வேண்டியதைப் பணம் கைமாறுவதற்கு முன் கேளுங்கள். கொள்முதல் ஒப்பந்தத்தில் மாடலும் சீரியல் எண்ணும், தர வேண்டிய ஒவ்வொரு கார்டின் பெயரும், மேனுவலும் சர்க்யூட்டும், அளந்த நிற்கும் நேரமும் எழுத்தில் இருக்கட்டும். பிரஸ்ஸை உங்கள் பட்டறையில் இறக்கி, உங்கள் டையைப் போட்டு நேரத்தை மறுபடி அளந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். ஜப்பான் பிரஸ்ஸின் நேரம் 350 மில்லிநொடி என்று வந்தால் அதுவே வாங்காமல் விடக் காரணம் இல்லை. சைலன்சர், லைனிங், ஸ்பிரிங், வால்வு ஆகியவற்றின் செலவை விலையில் கழித்துச் சரிசெய்யலாம், அல்லது கர்ட்டனை 560 மில்லிமீட்டருக்குத் தள்ளி, நடுவில் உண்டாகும் இடைவெளியில் ஆள் நிற்க முடியாதபடி தடுப்பு வைக்கலாம். பச்சை பெயின்ட் அடித்த கீ கிளட்ச் பிரஸ்ஸை, டை முழுதும் மூடிய கூண்டுக்குள் தகட்டுச் சுருளை ஃபீடரால் ஓட்டும் வேலைக்கு மட்டும் வாங்கலாம். கையால் தகடு வைத்து அடிக்கும் வேலைக்கு, எத்தனை சென்சார் மாட்டியிருந்தாலும், அதை வாங்காதீர்கள்.